புரோநோட்டு பின்னாடி போட்ட ஒரு கையெழுத்துல நிக்கிற கேஸ்

வாசகர் கடிதம்:

வணக்கம் சார். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம், லா முடிச்சுட்டு சிவில் ஜட்ஜ் மெயின்ஸுக்கு படிக்கிறேன். மாடல் டெஸ்ட்ல வந்த கேள்வி இது. நெல் வியாபாரி ஒருத்தர் (வாதி), பட்டுக்கோட்டை பக்கம் தென்னந்தோப்பு வெச்சிருக்கிறவருக்கு (பிரதிவாதி) 10.07.2015-ல 4 லட்சம் கடன் கொடுத்து, கேட்கும்போது தரணும்னு புரோநோட்டு வாங்குறார். நோட்டு பின்னாடி 20.06.2018 தேதி போட்டு 2,000 ரூபா வரவு, கீழ கையெழுத்து. கேஸ் போட்டது 03.04.2023. கூடவே "கஜா புயல், கொரோனா, அதனால 652 நாள் லேட், மன்னிக்கணும்"னு பிரிவு 5-ல ஒரு மனு. பிளைன்ட்ல வரவு பத்தி ஒரு வரி இருக்கு, ஆனா லிமிட்டேஷன் பாராவில "வழக்கு காலவரையறைக்கு உட்பட்டது"னு மட்டும்தான் இருக்கு. பிரதிவாதி எதிருரையில நோட்டை ஒத்துக்கிறார், 2018 ஜனவரியிலயே முழு பணமும் கொடுத்துட்டேன், வரவு கையெழுத்து என்னுது இல்லைங்கிறார், லிமிட்டேஷன்னு ஒரு வார்த்தை கூட இல்ல. கோர்ட் "புரோநோட்டு உண்மையா, வாதிக்கு தொகை கிடைக்குமா, என்ன பரிகாரம்"னு மூணு இஷ்யூ போடுது. இது சரியா, லிமிட்டேஷன்ல கேஸை தள்ள முடியுமா, ஜட்ஜ்மென்ட்ல எதை முதல்ல எடுக்கணும்? நான் "பிரதிவாதி லிமிட்டேஷன் எழுப்பல, அதனால விட்டுக்கொடுத்துட்டார்"னு எழுதி 15-க்கு 4 வாங்கினேன் சார்.

பதில்:

அந்த 4 மார்க்கும் கையெழுத்து நல்லா இருந்ததுக்கு போட்டிருப்பாங்கம்மா, கோச்சுக்காதீங்க. நீங்க எழுதின அந்த ஒரு வரிதான் மொத்த பதிலையும் கவுத்துடுச்சு. லிமிட்டேஷன் ஆக்ட் 1963, பிரிவு 3-ஐ ஒரு தடவை வாய்விட்டு படிங்க. காலம் கடந்து போட்ட வழக்கை, எதிராளி அதை டிஃபென்ஸா எடுக்கலைன்னாலும் டிஸ்மிஸ் பண்ணணும்னு பிரிவே சொல்லுது. இது பிரதிவாதிக்கு கொடுத்த சலுகை இல்ல, கோர்ட்டுக்கு போட்ட உத்தரவு, அதனால அவர் விட்டுக்கொடுக்க இதுல ஒண்ணும் கிடையாது. சிபிசி ஆர்டர் 8 ரூல் 2-ல லிமிட்டேஷனை பிரதிவாதி எழுப்பணும்னு உதாரணத்தோடயே போட்டிருக்கே சார்னு கேப்பீங்க. போட்டிருக்குதான். எதிராளியை திடீர்னு திகைக்க வைக்கக்கூடாதுன்னு வெச்ச ரூல் அது. அதை வெச்சு பிரிவு 3-ஐ அமுக்க முடியாது.

இப்ப கணக்கை போட்டுடுவோம், ஏன்னா இந்த கேள்வியோட உயிரே தேதியிலதான் இருக்கு. கேட்டா கொடுக்கணும்ங்கிற புரோநோட்டுக்கு, கேட்கக்கூடாதுன்னு வேற எழுத்து எதுவும் கூட இல்லாட்டி, ஆர்டிக்கிள் 35, நோட்டு தேதியிலேர்ந்து மூணு வருஷம். நிறைய பேரு "கேட்ட தேதியிலேர்ந்து"னு எழுதுறாங்க, அது தப்பு, கேட்கலைன்னாலும் நோட்டு எழுதின அன்னைக்கே மணி ஓட ஆரம்பிச்சுடும். பிரிவு 12 படி முதல் நாளை விட்டுட்டு எண்ணினா 10.07.2018 கடைசி நாள். கேஸ் போட்டது 2023 ஏப்ரல். வெறும் நோட்டை மட்டும் வெச்சு பாத்தா நாலே முக்கால் வருஷம் லேட்டு.

அப்ப வாதியை காப்பாத்துறது அந்த 2,000 ரூபா வரவு ஒண்ணுதான். பிரிவு 19 என்ன சொல்லுதுன்னா, காலம் முடியுறதுக்கு முன்னாடி கடன்ல ஒரு பகுதியோ வட்டியோ கடன்காரர் கொடுத்தா, கொடுத்த நாள்லேர்ந்து புதுசா மூணு வருஷம். ஆனா கொடுத்தேன்னு ஒப்புக்கொண்டது அவர் கையால எழுதினதா இருக்கணும், இல்ல அவர் கையெழுத்து போட்டதா இருக்கணும். காலத்தை நீட்டுறது பணம் கொடுத்ததுதான், கையெழுத்து அதுக்கான சாட்சி, இந்த வித்தியாசத்தை ஒரு வரியில எழுதினாலே திருத்துறவரு நிமிந்து உக்காருவாரு. நம்ம பக்கத்துல புரோநோட்டு பின்னாடி பாத்தீங்கன்னா எப்பவும் 500, 1,000, 2,000ன்னு சின்ன தொகையாத்தான் இருக்கும், நாலு லட்சம் வாங்கினவன் ரெண்டாயிரம் கொடுக்க வந்தான்னா அது கடனை அடைக்க வந்த பணம் இல்ல, நோட்டை உயிரோட வெச்சிருக்க கடன் கொடுத்தவரு கூப்பிட்டு வாங்கின பணம். அதுல தப்பு ஒண்ணும் இல்ல, சட்டம் அனுமதிக்கிறதுதான். ஆனா நோட்டு சாக இருபது நாள் இருக்கும்போது வந்த வரவுன்னா எந்த ஜட்ஜும் அதை கொஞ்ச நேரம் கூடுதலா பாப்பாரு. கேள்வி எழுதினவரு 20.06.2018-னு தேதி வெச்சது சும்மா இல்ல.

வரவு நிஜம்னா 20.06.2021 வரைக்கும் டைம் இருக்கு. அதுவும் கேஸ் போட்ட தேதிக்கு முன்னாடியே முடிஞ்சுடுது, அந்த இடைவெளிதான் மனுவில வர்ற 652 நாள். இங்கதான் கொரோனா ஆர்டர் வருது. சுப்ரீம் கோர்ட் தானா எடுத்த வழக்குல 10.01.2022-ல போட்ட உத்தரவுபடி 15.03.2020-லேர்ந்து 28.02.2022 வரைக்கும் உள்ள காலத்தை லிமிட்டேஷன் கணக்குல சேக்கக்கூடாது. அந்த காலத்துக்குள்ள டைம் முடியுற வழக்குகளுக்கு 01.03.2022-லேர்ந்து 90 நாள், மிச்சம் இருந்த நாள் அதை விட ஜாஸ்தின்னா அந்த ஜாஸ்தி நாள். பெரும்பாலானவங்க 90 நாளை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு "2022 மே மாசத்தோட போச்சு"னு எழுதிடுறாங்க. நம்ம கேஸ்ல 15.03.2020 அன்னைக்கு கையில மிச்சம் எவ்வளவு இருந்துச்சு? 20.06.2021 வரைக்கும், ரெண்டு முனை நாளையும் சேத்து 463 நாள். உத்தரவுல 03.10.2021 அன்னைக்கு மிச்சம் இருந்த நாள்னு ஒரு தேதி வரும், அதை பாத்து குழம்ப வேண்டாம், நடுவுல ஓடின காலம் கணக்குலயே இல்லாததால 15.03.2020-ல இருந்த மிச்சம்தான் அப்பவும் இருக்கும். ஆரிஃப் அஸிம் வழக்குல (2024) சுப்ரீம் கோர்ட் இப்படித்தான் மிச்சத்தை எடுத்து 01.03.2022-லேர்ந்து ஓட விட்டுச்சு. அந்த 463 நாளை 01.03.2022-லேர்ந்து எண்ணினா 06.06.2023-ல வந்து நிக்கும். கேஸ் 03.04.2023. ரெண்டு மாசம் பாக்கி இருக்கும்போதே போட்டாச்சு.

இப்ப ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. வரவு நிஜம்னா கேஸ் டைமுக்குள்ள. வரவு பொய்னா 10.07.2018-லயே நோட்டு செத்துப்போச்சு, 2020-ல வந்த கொரோனா ஆர்டர் ஏற்கனவே செத்ததை எழுப்பாது. அப்ப மொத்த லிமிட்டேஷனும் அந்த ஒரு கையெழுத்துல தொங்குது, மத்த எல்லா விடையும் இதுலேர்ந்துதான் வரும்.

பிரிவு 5 மனுவை பாப்போம். அது அப்பீலுக்கும் மனுவுக்கும் மட்டும்தான், சூட்டுக்கு கிடையாது, அதனால மனு நிக்காது. இதை எல்லாரும் எழுதிடுவாங்க. எழுதாம விடுறது ஒண்ணு இருக்கு: அந்த மனு வாதிக்கு உதவாததோட இல்லாம அவருக்கே குழி பறிக்குது. லேட்டே ஆகாத கேஸுக்கு "652 நாள் லேட்டு, மன்னிச்சுக்குங்க"னு அஃபிடவிட்ல சத்தியம் பண்ணி கொடுத்தாச்சு, அதை எடுத்து வெச்சு எதிர்பக்க வக்கீல் குறுக்கு விசாரணையில "நீங்களே லேட்டுன்னு ஒத்துக்கிட்டீங்களே"னு கேப்பாரு. கட்சிக்காரர் ஒத்துக்கிட்டார்ங்கிறதால சட்டக் கணக்கு மாறாது, கோர்ட் தேதியை தானா எண்ணித்தான் ஆகணும், ஆனா இந்த சங்கடமே தேவையில்லாதது. கஜா புயலும் அப்படித்தான். 2018 நவம்பர் 16 விடியக்காலையில பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்பு தோப்பா தென்னை சாஞ்சதை நாங்க கண்ணால பாத்தோம், மறுக்கவே முடியாது. ஆனா பிரிவு 9 படி காலம் ஒரு தடவை ஓட ஆரம்பிச்சா அப்புறம் வர்ற இயலாமை எதுவும் அதை நிறுத்தாது. அதுலயும் தோப்பு விழுந்தது கடன் வாங்கினவருக்கு, கடன் கொடுத்த நெல் வியாபாரிக்கு இல்ல, இதை ஒரு அரை வரியில சொன்னா பேப்பர் திருத்துறவரு சிரிப்பாரு.

பிளீடிங்ஸ். ஆர்டர் 7 ரூல் 6 சொல்றது என்னன்னா, காலம் கடந்து கேஸ் போட்டா, எந்த காரணத்தால காலவரையறையிலேர்ந்து விலக்கு கேக்குறீங்கங்கிறதை பிளைன்ட்லயே காட்டணும். "வழக்கு காலவரையறைக்கு உட்பட்டது"ங்கிறது காரணம் இல்ல, அது முடிவு. நான் ஜூனியரா இருந்தப்ப இதே தப்பை பண்ணியிருக்கேன். ஒரு கடன் கேஸுக்கு பிளைன்ட் டிராஃப்ட் பண்ணி சீனியர்கிட்ட கொண்டு போனேன், நோட்டு பின்னாடி மூணு வரவு இருந்துச்சு, பிளைன்ட்ல ஒண்ணு கூட இல்ல. அவரு ஒண்ணும் சொல்லல, நோட்டை திருப்பி வெச்சு, பின்பக்கம் மேல பாக்குற மாதிரி என் டிராஃப்ட் மேல வெச்சு, பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டுட்டு காபி குடிக்க போயிட்டாரு. அன்னைக்கு நான் எழுதின பாரா கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்துச்சு, இதை உங்க கேள்விக்கு ஏத்த மாதிரி மாத்தி தர்றேன்:

"பிரதிவாதி 20.06.2018-ல் மேற்படி கடனில் ரூ.2,000 செலுத்தி, அதை புரோநோட்டின் பின்புறம் வரவு வைத்து கையெழுத்திட்டார். அதனால் காலவரையறை அன்று முதல் புதிதாக தொடங்குகிறது. 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான காலம் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி விலக்கப்பட்டிருப்பதால் வழக்கு காலவரையறைக்குள் தாக்கல் செய்யப்பட்டுள்ளது."

மூணு வாக்கியம்தான். இது இருந்திருந்தா இந்த கேள்வியே இருந்திருக்காது.

உங்க கேஸ்ல பிளைன்ட்ல வரவு பத்தி ஒரு வரி இருக்கு, லிமிட்டேஷன் பாராவில இல்ல. அது போதுமா? போதும்னுதான் நான் எழுதுவேன். ஆர்டர் 6 ரூல் 2 கேக்குறது முக்கியமான உண்மைகள், அதுக்கு மேல எந்த தலைப்புங்கிறது இல்ல, பிளைன்டை மொத்தமாத்தான் படிக்கணும். தேதி, தொகை, கையெழுத்து மூணும் எங்கயாவது இருந்தா விலக்குக்கான காரணம் காட்டின மாதிரிதான். கொரோனா ஆர்டர் சொல்லல, ஆனா அது சட்டம் சம்பந்தப்பட்டது, சாட்சி வெச்சு நிரூபிக்க வேண்டிய உண்மை இல்ல, கோர்ட்டே எடுத்துக்கலாம். பத்தாததுக்கு ரூல் 6-லயே 1976-ல சேத்த புரொவைசோ இருக்கு: பிளைன்ட்ல சொல்லாத காரணத்தையும், சொன்னதுக்கு முரணா இல்லாட்டி, கோர்ட் அனுமதிக்கலாம். அந்த "முரணா இல்லாட்டி"ங்கிற வார்த்தையை பிடிச்சுக்குங்க. பிளைன்ட்ல "2015-க்கு அப்புறம் பிரதிவாதி ஒரு பைசா கூட தரல"னு எழுதியிருந்தா, பின்னாடி வரவை கொண்டு வர முடியாது. ஒரு பைசா தரலைன்னு கோவத்துல கட்சிக்காரர் சொல்றதை அப்படியே டைப் பண்ணி மாட்டிக்கிட்டவங்க நிறைய பேரு.

வரவு பத்தி பிளைன்ட்ல ஒரு வரி கூட இல்லாம இருந்திருந்தா ஆர்டர் 6 ரூல் 17-ல திருத்தம் கேக்கலாம். ஆனா விசாரணை தொடங்கினதுக்கு அப்புறம் கேட்டா, கவனமா இருந்தும் முன்னாடி சொல்ல முடியலைன்னு கோர்ட்டை நம்ப வைக்கணும். சொந்த பெட்டியில இருந்த நோட்டோட பின்பக்கத்தை பாக்கலைன்னா அது என்ன கவனம்?

எதிருரைக்கு போவோம். ஆர்டர் 8-ல ரூல் 3, 5 ரெண்டையும் சேத்து பாருங்க, குறிப்பா மறுக்காதது ஒத்துக்கிட்டதாயிடும். பிரதிவாதி நோட்டை மறுக்கல, கடன் வாங்கினதையும் மறுக்கல. வரவு கையெழுத்தை குறிப்பா மறுத்திருக்கார், அது நல்ல மறுப்பு. முழுசா அடைச்சுட்டேன்னு புதுசா ஒரு உண்மையை சொல்றார், அதை அவர்தான் நிரூபிக்கணும். சில பேரு இங்க புத்திசாலித்தனமா ஒண்ணு எழுதுவாங்க: எதிருரையில கடனை ஒத்துக்கிட்டாரே, அதுவே பிரிவு 18-ல வர்ற ஒப்புதல் இல்லையா, அதுலேர்ந்து புது மூணு வருஷம் ஓடாதான்னு. ஓடாது. பிரிவு 18 ஒப்புதல் காலம் முடியுறதுக்கு முன்னாடி வரணும், கேஸ் போட்ட அப்புறம் வந்த எதிருரையை வெச்சு, கேஸ் போட்ட அன்னைக்கு இல்லாத உயிரை கொடுக்க முடியாது. அதோட "வாங்கினேன், அடைச்சுட்டேன்"ங்கிறவரு இன்னைக்கு பாக்கி இருக்குன்னு எங்க ஒத்துக்கிட்டார்?

இஷ்யூஸ். நீங்க எழுதின தமிழ் பேப்பர்ல எழுவினான்னு வந்திருக்கும். ஆர்டர் 14 ரூல் 1 சொல்றது, ஒரு பக்கம் ஆமாம்ங்கிற முக்கியமான விஷயத்தை மறுபக்கம் இல்லைன்னு சொல்லும்போதுதான் இஷ்யூ பிறக்கும். இந்த அளவுகோலை கையில வெச்சுக்கிட்டு கோர்ட் போட்ட மூணையும் பாத்தா, முதல் இஷ்யூ "புரோநோட்டு உண்மையா"ங்கிறதே பிறக்கல, ரெண்டு பேரும் உண்மைன்னுதான் சொல்றாங்க. பிறக்க வேண்டியது மூணு விடுபட்டுப் போச்சு. நான் போட்டா இப்படி போடுவேன்:

1. பிரதிவாதி 20.06.2018-ல் ரூ.2,000 செலுத்தி புரோநோட்டின் பின்புறம் கையெழுத்திட்டார் என்பது உண்மையா?
2. வழக்கு காலவரையறைக்குள் தாக்கல் செய்யப்பட்டதா?
3. 2018 ஜனவரியில் கடன் முழுவதும் அடைக்கப்பட்டது என்பது உண்மையா?
4. வாதிக்கு கிடைக்க வேண்டிய பரிகாரம் என்ன?

முதல் ரெண்டோட சுமை வாதிக்கு, மூணாவது பிரதிவாதிக்கு, பக்கத்துலயே குறிச்சுடுங்க. ரெண்டாவது இஷ்யூவுக்கு பிரதிவாதி லிமிட்டேஷன்னு சொல்லலையே, மறுப்பு எங்கேன்னு கேட்டா, காலத்தை காப்பாத்துற உண்மையை வாதி சொல்றார், அந்த உண்மையை பிரதிவாதி மறுக்கிறார், அப்ப லிமிட்டேஷன்ல தகராறு இருக்குன்னுதானே அர்த்தம், வார்த்தை வந்தாத்தான் தகராறா? அது இல்லாட்டி கூட பிரிவு 3 இருக்கு.

இந்த ரெண்டாவது இஷ்யூவை முதல்கட்ட இஷ்யூவா எடுத்து கேஸை சீக்கிரம் முடிச்சுடலாமேன்னு தோணும். ஆர்டர் 14 ரூல் 2 அதுக்கு வழி விடுறது சட்டம் மட்டும் சம்பந்தப்பட்ட இஷ்யூவுக்கு. இங்க கையெழுத்து யாருதுங்கிறதை சாட்சி இல்லாம சொல்ல முடியாது, அதனால முடியாது. உண்மையும் சட்டமும் கலந்த லிமிட்டேஷனை இப்படி முன்கூட்டி முடிக்கக்கூடாதுன்னு 2019-ல நுஸ்லி வாடியா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அது மகாராஷ்டிரா திருத்தம் 9ஏ பத்தின வழக்கு, அதையும் சேத்து குறிப்பிட்டா படிச்சிருக்கீங்கன்னு தெரியும். ஆர்டர் 7 ரூல் 11(டி)-ல பிளைன்டை ரிஜெக்ட் பண்றதும் இங்க நடக்காது. சலீம் பாய் வழக்கு (2003) படி அதுக்கு பிளைன்டை மட்டும்தான் பாக்கணும், பிளைன்ட்ல வரவு இருக்கு, அதை நிஜம்னு வெச்சுத்தான் படிக்கணும், அப்ப முகத்துலயே தடை தெரியல.

லிமிட்டேஷன் இஷ்யூவே இல்லாம சாட்சி முடிஞ்சு ஆர்கியூமென்ட்டுக்கு வந்துடுச்சுன்னா என்ன? இதுதான் உங்க ரெண்டாவது கேள்வியோட உள்ளர்த்தம். ஆர்டர் 14 ரூல் 5 படி டிக்ரிக்கு முன்னாடி எப்ப வேணா இஷ்யூவை கூட்டலாம், மாத்தலாம், அடிக்கலாம். நான் ஜட்ஜா இருந்தா அதை கூட்டி, ரெண்டு பக்கத்துக்கும் இன்னும் சாட்சி இருக்கான்னு கேட்டுட்டுத்தான் தீர்ப்பு எழுதுவேன். ஏன்னா வரவு மேல தனி இஷ்யூ இல்லைன்னா வாதி அதை நிரூபிக்க வேண்டியதுன்னே நினைக்காம நோட்டை மட்டும் மார்க் பண்ணிட்டு இறங்கியிருக்கலாம், கடைசியில தீர்ப்புல "வரவு நிரூபிக்கப்படல"னு அடிச்சா அது நியாயம் இல்ல. ஆனா ரெண்டு பேரும் அந்த கையெழுத்து மேலதான் சண்டைன்னு தெரிஞ்சு சாட்சியும் விட்டு குறுக்கு விசாரணையும் பண்ணியிருந்தா, இஷ்யூ போடலைங்கிற ஒரே காரணத்துக்காக தீர்ப்பு கெட்டுப்போகாது, நெடுநூரி காமேஸ்வரம்மா வழக்குல (1963) சுப்ரீம் கோர்ட் சொன்னது அதைத்தான். இந்த ரெண்டு நிலைமையையும் பிரிச்சு எழுதினீங்கன்னா மார்க் வரும்.

கையெழுத்தை எப்படி நிரூபிப்பாங்கங்கிறதுல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா பேப்பர்ல எல்லாரும் "எக்ஸ்பர்ட்டுக்கு அனுப்பணும்"னு ஒரு வரியில தாண்டிடுறாங்க. நோட்டு முகப்புல ரெவின்யூ ஸ்டாம்ப் மேல இருக்கிற கையெழுத்தை பிரதிவாதி ஒத்துக்கிட்டார், அதனால அதுவே ஒப்பிட ஒரு நல்ல மாதிரி. ஆனா அது 2015. வரவு 2018. அதனால 2017-18-ல அவரு போட்ட கையெழுத்து வேணும், கூட்டுறவு சொசைட்டியில பயிர்க்கடன் வாங்கின விண்ணப்பம், பத்திர ஆபீஸ்ல போட்ட கிரயப் பத்திரம் இந்த மாதிரி. எதிருரையிலயும் வக்காலத்துலயும் இருக்கிற கையெழுத்தை அனுப்புறது சரிப்படாது, கேஸ் வந்த அப்புறம் போட்டது, வேணும்னே மாத்தி போட்டிருக்கலாம். அதோட வரவு எழுத்து யாருது, எந்த பேனா, கையெழுத்துக்கு இடம் விட்டு எழுதியிருக்கா இல்ல ஏற்கனவே இருந்த கையெழுத்துக்கு மேல நெருக்கி எழுத்தை நுழைச்சிருக்கா, இதெல்லாம் ஜட்ஜ் ஜன்னல் பக்கம் வெச்சு பாக்குற விஷயம். நான் ஒரு கேஸ்ல பாத்தேன், வரவு வாசகம் கையெழுத்தை சுத்தி வளைஞ்சு போயிருந்துச்சு, ஆத்துல தண்ணி கல்லை சுத்தி போற மாதிரி. கையெழுத்து முதல்ல வந்துச்சுன்னு அதுவே சொல்லிடுச்சு. வரவு போடும்போது கூட இருந்தவரு யாராவது இருந்தா அவரை கூண்டுல ஏத்தணும், வாதி ஒருத்தர் மட்டும் "போட்டாரு"னு சொன்னா பல நேரம் பத்தாது. நெகோஷியபிள் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் ஆக்ட் பிரிவு 118 அனுமானத்தை இங்க கொண்டு வராதீங்க. அது நோட்டுக்கு பிரதிபலன் இருந்துச்சு, அந்த தேதியில எழுதினதுன்னு அனுமானிக்கும், பின்னாடி பணம் வரவு வந்துச்சுன்னு அனுமானிக்காது.

தீர்ப்புல எதை முதல்ல எடுக்கணும்னு கேட்டீங்க. முதல் இஷ்யூவைத்தான், ஆனா மூணாவதோட சேத்து சாட்சியை படிச்சுக்கிட்டே. ஏன்னா ஜனவரியில முழுசா அடைச்சவரு ஜூன்ல வந்து ரெண்டாயிரம் கொடுக்க மாட்டாரு, ஜனவரி கதை நிஜம்னா ஜூன் வரவு சந்தேகமாயிடும், ஜூன் கையெழுத்து நிஜம்னா ஜனவரி கதை விழுந்துடும். அதே நேரம் ரெண்டும் பொய்யா இருக்கவும் வாய்ப்பு இருக்கு, அங்கதான் பிள்ளைங்க வழுக்குறாங்க. பிரதிவாதி அடைச்சதை நிரூபிக்கல, ரசீது இல்ல, நோட்டை திருப்பி வாங்கல. வாதியும் வரவை நிரூபிக்கல. அப்ப என்ன? கடன் பாக்கி இருக்கு, பிரதிவாதியே வாங்கினேன்னு ஒத்துக்கிட்டது, இருந்தும் கேஸ் டிஸ்மிஸ். லிமிட்டேஷன் கடனை அழிக்கல, கோர்ட் வழியை மட்டும்தான் மூடுது. மனசுக்கு உறுத்தும், ஆனா பிரிவு 3 அதைத்தான் சொல்லுது. அப்பவும் ஆர்டர் 14 ரூல் 2(1)-ஐ மனசுல வெச்சு ஒவ்வொரு இஷ்யூவுக்கும் முடிவை எழுதிடுங்க, லிமிட்டேஷன்ல கேஸ் போயிடுச்சுன்னு மூணாவது இஷ்யூவை காலியா விடாதீங்க. அப்பீல்ல கையெழுத்து நிஜம்னு மேல்கோர்ட் மாத்தி சொன்னா, அடைச்சாரா இல்லையாங்கிற கேள்விக்கு கீழ்கோர்ட் பதில் இல்லாம அதுக்காகவே கேஸ் திரும்பி வரும், இன்னும் நாலு வருஷம்.

பிரிவு 5 மனுவை தீர்ப்பு வரைக்கும் இழுக்க வேண்டாம், நிக்காதுன்னு தொடக்கத்துலயே தள்ளுபடி பண்ணிடலாம். நான் வாதி வக்கீலா இருந்தா அதுக்கும் முன்னாடியே "நாட் பிரஸ்டு"னு எழுதி கையெழுத்து போட்டு கொடுத்துடுவேன்.